யாருடைய காசு இது? வங்கியில் வந்து சேரும் பெயரில்லாப் பணமும் தொங்கல் கணக்கும்

மொத்த வியாபாரம் செய்யும் சகோதரர்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நான் தடுக்கி நிற்பேன். வங்கிக் கூற்றில் ஒரு தொகை வந்திருக்கும். திகதியும் தொகையும் தெளிவாக இருக்கும். யார் போட்டார், எந்தப் பில்லுக்காகப் போட்டார் என்பது மட்டும் இருக்காது. முதலாளியிடம் கேட்டால் கணக்கெழுதும் தம்பியைக் காட்டுவார். தம்பியிடம் கேட்டால், "யாராவது கேட்டு வருவாங்க எண்டு அப்படியே விட்டுட்டன்" என்பார்.

முன்பு திருகோணமலைப் பக்கத்தில் இந்தப் பிரச்சினை இவ்வளவு இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை அங்குள்ள கடைக்காரர் பாதையில் ஏறித்தான் நகரத்துக்கு வந்தார். வந்த கையோடு பழைய பாக்கியைக் கட்டிப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு, புதிய சரக்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். காசு வரும்போது அதைக் கொண்டுவந்தவரும் எதிரில் நின்றார். இன்று காசு வைப்பு இயந்திரங்கள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. 2015இல் செஃப்ட்ஸ் முறை வந்த பிறகு ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகப் பணம் அனுப்பவும் முடிகிறது. காசு வேகமாக வருகிறது, ஆனால் பில் இலக்கமும் பெயரும் அதனுடன் சேர்ந்து வருவதில்லை.

இப்படி வரும் பணத்தை என்ன செய்வது என்பதே இந்த வாரத்து விடயம்.

மூன்று தவறான வழிகள்

வியாபாரிகள் வழமையாகக் கையாளும் வழிகள் மூன்று. மூன்றுமே பிழையானவை.

முதலாவது, எழுதாமல் விடுவது. வங்கியில் காசு இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. மாத முடிவில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றுத் தயாரிக்கும்போது இரண்டும் பொருந்தாது. மூன்று மாதம் இப்படிப் போனால் எந்த வித்தியாசம் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, விற்பனையில் சேர்ப்பது. கடனுக்குச் சரக்குக் கொடுத்தபோதே பில் போட்டு அதை விற்பனையாக எழுதிவிட்டோம். காசு வரும்போது மீண்டும் விற்பனையாக எழுதினால் ஒரே சரக்கை இரண்டு தடவை விற்றதாகிவிடும். இலாபம் பொய்யாக உயரும், அதற்கு வருமான வரியும் போகும். அதே நேரம் பணம் கட்டிய வாடிக்கையாளர் இன்னும் கடன்காரராகவே இருப்பார்.

மூன்றாவது, ஊகித்து ஒருவர் பெயரில் எழுதுவது. மூன்றிலும் ஆபத்தானது இதுதான். புத்தகம் பொருந்திவிடுவதால் பிழை வெளியே தெரியாது. தெரியவரும் நாளில் இரண்டு வாடிக்கையாளர்களின் கணக்கு பிழைத்திருக்கும்.

தொங்கல் கணக்கு என்பது என்ன?

பாடசாலையில் கணக்கியல் படித்தவர்களுக்கு தொங்கல் கணக்கு என்ற பெயர் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் இதை அனாமத்துக் கணக்கு என்பார்கள். பரீட்சை மீதி பொருந்தாதபோது வித்தியாசத்தைப் போடும் இடம் என்றே பலர் படித்திருப்பார்கள். நான் இங்கு சொல்வது வேறு பயன்பாடு. வந்தது உறுதி, யாருடையது என்பது உறுதியில்லை என்ற நிலையிலுள்ள பணத்தைத் தற்காலிகமாக வைக்கும் இடம் இது.

பதிவு இலகுவானது. பணம் வந்த அன்றே வங்கிக் கணக்கின் வரவுப் பக்கத்திலும் தொங்கல் கணக்கின் செலவுப் பக்கத்திலும் எழுதுகிறோம். உரியவர் தெரிந்ததும் தொங்கல் கணக்கின் வரவுப் பக்கத்திலும் அந்த வாடிக்கையாளர் கணக்கின் செலவுப் பக்கத்திலும் எழுதுகிறோம். தொங்கல் கணக்கில் அந்தத் தொகை தீர்ந்துவிடும்.

ஆனால் பேரேட்டிலுள்ள கணக்கு மட்டும் போதாது. பக்கத்தில் ஒரு பதிவேடும் வேண்டும். சாதாரணக் கொப்பி ஒன்று போதும். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு வரிசை இலக்கம், வந்த திகதி, தொகை, எந்த வழியால் எந்தக் கிளையிலிருந்து வந்தது, வங்கிக் கூற்றில் என்ன சொல் இருந்தது, யாரிடம் விசாரித்தோம், எப்போது எந்த ஆதாரத்தோடு யார் பெயருக்கு மாற்றினோம் என்பவற்றை அதில் எழுத வேண்டும். இரண்டு தொகையை ஒன்றாகக் கூட்டி எழுதக் கூடாது. ஒரே நிமிடத்தில் வந்திருந்தாலும் தனித்தனி வரிதான்.

ஒரு மாதத்துக் கணக்கு

கப்பல்துறைப் பக்கம் களஞ்சியம் வைத்து, கிண்ணியா, மூதூர், கந்தளாய், புல்மோட்டைக் கடைகளுக்குச் சீமெந்தும் கம்பியும் மொத்தமாகக் கொடுக்கும் ஒருவரின் மார்ச் மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், தொகைகளையும் சற்று மாற்றியிருக்கிறேன். அந்த மாதம் வங்கிக்கு 43 தொகைகள் வந்திருந்தன. 38 தொகைகளுக்கு உரியவர் உடனே தெரிந்தது. எஞ்சிய ஐந்தும் தொங்கல் கணக்குக்குப் போயின.

1. மார்ச் 4, காசு வைப்பு இயந்திரம், கிண்ணியா – 200,000 ரூபா
2. மார்ச் 4, அதே இயந்திரம் – 48,500 ரூபா
3. மார்ச் 11, இணைய வழிப் பரிமாற்றம், "CEMENT" என்ற ஒரு சொல் மட்டும் – 137,250 ரூபா
4. மார்ச் 18, வாடிக்கையாளரே நேரடியாக வைப்பிலிட்ட காசோலை – 95,000 ரூபா
5. மார்ச் 26, இணைய வழிப் பரிமாற்றம், குறிப்பு எதுவும் இல்லை – 64,000 ரூபா

மொத்தம் 544,750 ரூபா. ஒவ்வொன்றும் எப்படித் தீர்ந்தது என்று பார்ப்போம்.

பிரிந்து வந்த காசு

முதல் இரண்டு தொகைக்கும் பொருந்தும் பில் எதுவும் இருக்கவில்லை. 200,000 ரூபாவுக்குப் பில் இல்லை, 48,500 ரூபாவுக்கும் இல்லை. காரணம் இயந்திரம்தான். வைப்பு இயந்திரங்கள் ஒரு தடவையில் இத்தனை தாள்கள்தான் ஏற்கும் என்ற எல்லை உண்டு. கடை வசூல் ஆயிரம் ரூபாத் தாளாக இருந்தால் 200 தாளுக்கு இரண்டு இலட்சம்தான் போகும், மீதியை இரண்டாம் முறை போட வேண்டும். இயந்திரம் சில்லறையும் எடுக்காது. அதனால் பில் தொகை அப்படியே வராமல் கூடியோ குறைந்தோ வரும்.

இரண்டையும் கூட்டினால் 248,500. கிண்ணியாக் கடைக்காரர் ஒருவருக்கு 248,460 ரூபாவுக்குப் பில் இருந்தது. இது சந்தேகத்தைத் தூண்டப் போதும், மாற்றி எழுதப் போதாது. மார்ச் 9ஆம் திகதி அவர் லொறிச் சாரதியிடம் இரண்டு வைப்புச் சீட்டுகளையும் கொடுத்தனுப்பினார். நான்கு நிமிட இடைவெளியில் போட்ட சீட்டுகள். அதன்பிறகே முழு 248,500 ரூபாவும் அவர் பெயருக்கு மாற்றப்பட்டது. பில் தீர்ந்து 40 ரூபா அவருக்கு மிச்சமாக நின்றது. அந்த 40 ரூபாவும் அவர் கணக்கில்தான் நிற்க வேண்டும். சிறு தொகைதானே என்று அதைத் தொங்கல் கணக்கில் விட்டுவிடக் கூடாது. உரியவர் தெரிந்த பணத்துக்கு அங்கே இடமில்லை.

தொகை பொருந்தினாலும் அது சாட்சியல்ல

மூன்றாவது தொகையில்தான் உண்மையான பொறி இருந்தது. மூதூர்க் கடைக்காரர் ஒருவருக்குச் சரியாக 137,250 ரூபாவுக்கு ஒரு பில் நிலுவையில் இருந்தது. மூடை 2,650 ரூபாப்படி 50 மூடைச் சீமெந்து 132,500, லொறிக் கூலி 4,750. ஒரு ரூபாகூட வித்தியாசமில்லை. கணக்கெழுதும் தம்பி மூதூர்க்காரர் பெயரில் எழுதப் பேனையை எடுத்துவிட்டார்.

உண்மையில் பணம் போட்டவர் கந்தளாய்க் கடைக்காரர். அவருக்கு 92,000 ரூபாவுக்கும் 58,500 ரூபாவுக்கும் இரண்டு பில்கள், மொத்தம் 150,500. அதில் ஈரம்பட்டு இறுகிப்போன 5 மூடைகளை அவர் லொறியிலேயே திருப்பி அனுப்பியிருந்தார். அவற்றின் பெறுமதி 13,250. அதைக் கழித்துக்கொண்டு 137,250 அனுப்பினார். மூடை திரும்பி வந்தது களஞ்சியத்தில் இருந்தவருக்குத் தெரியும். அலுவலகத்தில் யாரும் எழுதவில்லை.

இப்படி நடப்பது அபூர்வமல்ல. எல்லாக் கடைக்காரரும் ஒரே விலைக்கு, 50 அல்லது 100 மூடை என்று ஒரே அளவில் வாங்குகிறார்கள். ஆகவே ஒரே தொகை பலருக்கு வருவது இந்த வியாபாரத்தின் இயல்பு. மாவு, சீனி, எரிவாயு விற்பவர்களுக்கும் இப்படித்தான்.

ஊகித்து எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மூதூர்க்காரர் கட்டாமலே பில் தீர்ந்திருக்கும். கந்தளாய்க்காரர் கட்டியும் 150,500 ரூபாக் கடன்காரராக நிற்பார். அடுத்த லொறிக்கு அவர் சொல்லும்போது, "காக்கா, பழைய பாக்கி இருக்கு, அதக் கட்டிட்டுச் சொல்லுங்க" என்று பதில் போயிருக்கும். கட்டிய மனிதரிடம் இப்படிச் சொன்னால் அவர் பற்றுச்சீட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அடுத்த மொத்த வியாபாரியிடம் போய்விடுவார்.

இதனால் விசாரிக்கும் முறையில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். "நீங்க 137,250 போட்டீங்களா?" என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. தொகையை நாமே சொல்லிவிட்டால், அவசரத்தில் "ஓம்" என்று சொல்பவரும் உண்டு, வேண்டுமென்றே "ஓம்" சொல்பவரும் உண்டு. "காக்கா, இந்த மாசம் எங்கட கணக்குக்கு எப்ப, எங்க, எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்க வேண்டும். தொகை, திகதி, வழி மூன்றும் அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதன்பிறகு சீட்டையோ கைப்பேசித் திரையின் படத்தையோ வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். படத்திலுள்ள திகதியையும் நேரத்தையும் பரிமாற்ற இலக்கத்தையும் பார்ப்பது அவசியம். போன மாதச் சீட்டின் படத்தை இந்த மாதத்துக்கும் அனுப்புவது எளிது. ஒருமுறை ஏற்ற சீட்டின் பரிமாற்ற இலக்கத்தைப் பதிவேட்டில் எழுதிவைத்தால் அதே சீட்டு இரண்டாம் முறை வந்தால் பிடிபடும்.

மூதூர்க்காரரிடம் இப்படிக் கேட்டபோது, "நான் இன்னும் போடல்ல, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போடுறன்" என்றார். கந்தளாய்க்காரரின் பதில் ஏப்ரல் முதல் வாரத்தில்தான் கிடைத்தது. அப்போது இரண்டு பதிவுகள் செய்யப்பட்டன. தொங்கல் கணக்கிலிருந்து 137,250 அவர் பெயருக்கு மாற்றப்பட்டது. திரும்பிய 5 மூடைகளுக்கு 13,250 ரூபாவுக்குத் தனியாகச் செலவுத்தாள் எழுதப்பட்டது. இந்த 13,250 ரூபா வித்தியாசத்தைத் தொங்கல் கணக்குக்குள் தள்ளிவிட்டுக் கந்தளாய்க் கணக்கைத் தீர்த்திருந்தால் அது பிழை. திரும்பிய சரக்கு விற்பனையிலிருந்து கழிய வேண்டிய ஒன்று.

வந்த காசோலை தங்கிய காசோலை அல்ல

நான்காவது தொகை 95,000 ரூபாக் காசோலை. வங்கிக் கூற்றில் வரவு விழுந்ததும் யாருடையது என்று தேடத் தொடங்கினோம். காசோலைக்கு ஒரு வசதி உண்டு. அதன் அடிப்பகுதியில் காசோலை இலக்கத்தோடு வங்கியின் நான்கு இலக்கக் குறியீடும் கிளையின் மூன்று இலக்கக் குறியீடும் அச்சிடப்பட்டிருக்கும். இலங்கை வங்கி என்றால் 7010, மக்கள் வங்கி என்றால் 7135. வைப்பு விபரத்தை நமது கிளையில் கேட்டுப் பெற்றால் எந்த வங்கி, எந்த ஊர் என்பது தெரியும். அந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்கள் ஓரிருவராகத்தான் இருப்பார்கள்.

இங்கே தேடல் முடியுமுன் மார்ச் 20ஆம் திகதி காசோலை திரும்பிவிட்டது. கணக்கில் போதிய பணம் இல்லை. வங்கி 95,000 ரூபாவை மீளக் கழித்ததோடு திரும்பியதற்கான கட்டணத்தையும் எடுத்தது. தொங்கல் கணக்கில் அதே வரிக்கு எதிராக 95,000 வரவுப் பக்கம் எழுதப்பட்டு அந்த வரி தீர்ந்தது. கட்டணம் வங்கிச் செலவுக்குப் போனது. திரும்பிய காசோலையின் ஆவணம் கைக்கு வந்தபோதுதான் கையொப்பமிட்டவர் யார் என்று தெரிந்தது. அவர் பில் தொடாமல் அப்படியே நிலுவையில் இருந்ததால் அவருடைய கணக்கில் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நேரடியாக வைப்பிலிட்ட காசோலையின் சொந்தக்காரர் அன்றே தெரிந்தாலும், அது தேறிவிட்டதென்று வங்கி உறுதி சொல்லும் வரை அதை நம்பி அடுத்த லொறிச் சரக்கை ஏற்ற வேண்டாம்.

நமக்குரியதே அல்லாத காசு

ஐந்தாவது 64,000 ரூபா. எந்த வாடிக்கையாளரிடம் கேட்டாலும் இல்லை என்றார்கள். ஏப்ரல் நடுப்பகுதியில் நமது வங்கிக் கிளையிலிருந்து அழைப்பு வந்தது. கொழும்பில் ஒருவர் வேறொரு கணக்குக்கு அனுப்பும்போது ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டார், தன் வங்கி மூலம் முறைப்பாடு செய்திருக்கிறார்.

இப்படிப்பட்ட பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. அது அமானிதம். நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது. நமது பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில், தவறுதலாகக் கொடுத்த பணத்தை மீளக் கேட்கும் உரிமை கொண்டிக்சியோ இண்டெபிட்டி என்ற பழைய பெயரால் அறியப்படுகிறது. பெரிய இடங்களிலும் இந்தத் தகராறு வரும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி வங்கி, ரெவ்லொன் கம்பனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்குச் சிறு வட்டித் தொகையை அனுப்பப் போய் ஏறத்தாழ 900 மில்லியன் டொலரை அனுப்பிவிட்டது. சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 500 மில்லியனைப் பெற்றவர்கள், எங்களுக்கு வரவேண்டிய கடன்தானே என்று வைத்துக்கொண்டார்கள். 2021இல் கீழ் நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது, 2022இல் மேல்முறையீட்டில் அது மாறியது. இரண்டு வருடம் வழக்குச் செலவு. கடன் உண்மையாக இருந்த இடத்திலேயே இப்படியென்றால், எந்தக் கடனும் இல்லாத நமது 64,000 ரூபாவில் கேள்விக்கே இடமில்லை.

திருப்பும் முறையில்தான் கவனம் வேண்டும். "தவறுதலா உங்கட கணக்குக்குக் காசு போட்டுட்டன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்க" என்று நேரடியாகத் தொலைபேசி எடுப்பவர் உண்மையான சொந்தக்காரராகவும் இருக்கலாம், ஏமாற்றுக்காரராகவும் இருக்கலாம். களவெடுத்த பணத்தை ஒரு நல்ல வியாபாரியின் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து வேறு கணக்குக்கு மாற்றிவிடும் தந்திரமும் உண்டு. பணம் தூயதாக்கலைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நாட்டில், நல்ல மனதோடு அனுப்பினேன் என்பது நம்மை விசாரணையிலிருந்து காப்பாற்றாது. எனவே கையில் காசாகவோ கைப்பேசிப் பணமாகவோ வேறொரு கணக்குக்கோ கொடுக்கக் கூடாது. நமது வங்கிக்குக் கடிதம் எழுதி, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு வங்கி மூலமாகவே திருப்ப வேண்டும். கடிதத்தின் பிரதியைப் பதிவேட்டில் ஒட்டி வைக்கவும். புத்தகத்தில் தொங்கல் கணக்கு வரவு, வங்கிக் கணக்கு செலவு. விற்பனையையோ எந்த வாடிக்கையாளரின் கணக்கையோ இது தொடாது.

மாத முடிவில் பார்க்க வேண்டியவை

மார்ச் 31ஆம் திகதி நிலைமை இது. உள்ளே வந்தது 544,750. தீர்ந்தவை 248,500 உம் 95,000 உம், மொத்தம் 343,500. பேரேட்டில் மீதி 201,250. பதிவேட்டில் தீராமல் இருக்கும் வரிகளைக் கூட்டினால் 137,250 உம் 64,000 உம், அதே 201,250. இந்த இரண்டும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் யாரோ பதிவேட்டில் எழுதாமல் பேரேட்டில் கை வைத்திருக்கிறார்கள்.

நமது வரி வருடம் மார்ச் 31இல் முடிவதால், அன்று எஞ்சும் தொகை ஆண்டுக் கணக்கில் எங்கே வரும் என்ற கேள்வியும் எழும். அது வருமானமல்ல. பிறருக்குக் கொடுக்க வேண்டிய அல்லது கணக்குத் தீர்க்க வேண்டிய பொறுப்பாக நடைமுறைப் பொறுப்புகளில் காட்டப்பட வேண்டும். ஆண்டு முடிவில் இலாபத்துக்கு மாற்றிக் கணக்கைச் சுத்தமாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மிகப் பழைய தொகையாக இருந்தாலும் கணக்காளரிடமும் சட்டத்தரணியிடமும் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

தொங்கல் கணக்கின் மீதி வரவுப் பக்கமாக நின்றால் அது பிழையின் உறுதியான அடையாளம். வந்ததைவிடக் கூடுதலாக எடுக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் பொருள். பெரும்பாலும் ஒரே தொகையை இரண்டு தடவை தீர்த்திருப்பார்கள். மீதி மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் யாரும் விசாரிக்கவில்லை என்று அர்த்தம். முப்பது நாளைத் தாண்டிய ஒவ்வொரு வரியையும் முதலாளி தானே பார்க்க வேண்டும்.

வசூலிப்பவர் கையில் கொடுக்காதீர்கள்

இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். கடைகளுக்குப் போய்க் காசு வசூலிப்பவரே தொங்கல் கணக்கைத் தீர்ப்பவராகவும் இருந்தால், அது களவுக்குத் திறந்த கதவு.

நடப்பது இப்படி. புல்மோட்டைக் கடைக்காரர் 60,000 ரூபாவைக் கையில் கொடுக்கிறார். வசூலிப்பவர் அதைத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறார். தொங்கல் கணக்கில் யாருடையதென்று தெரியாத 64,000 நிற்பது அவருக்குத் தெரியும். "அது புல்மோட்டைக்காரர் போட்டது" என்று சொல்லி அவர் பெயருக்கு மாற்றிவிடுகிறார். கடைக்காரருக்குக் குறையில்லை, அவர் பில் தீர்ந்துவிட்டது. தொங்கல் கணக்கும் சுத்தம். 64,000 ரூபாவின் உண்மையான சொந்தக்காரர் வந்து கேட்கும் வரை எதுவும் வெளியே வராது. அவர் வரவில்லை என்றால் வெளியே வரவே வராது.

ஆகவே வாடிக்கையாளரை விசாரிப்பவர் ஒருவர், மாற்றி எழுதுபவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும். சிறிய கடையில் இரண்டு பேர் இல்லையென்றால், மாற்றும் ஒவ்வொரு வரியிலும் ஆதாரத்தைப் பார்த்து முதலாளி கையொப்பமிட வேண்டும். பணம் மாற்றிய அன்றே வாடிக்கையாளருக்குத் தொகை, வைப்புத் திகதி, வைப்பு வழி மூன்றும் எழுதிய பற்றுச்சீட்டு நேரடியாகப் போக வேண்டும். மேலே சொன்ன புல்மோட்டைக்காரர், தான் கையில் கொடுத்த காசுக்கு "இணைய வழிப் பரிமாற்றம், 64,000" என்று சீட்டு வந்தால் அன்றே தொலைபேசி எடுப்பார்.

வருமுன் குறைக்க

தொங்கல் கணக்கு இல்லாமல் நடத்த முடியாது. ஆனால் அதற்குள் போகும் வரிகளைக் குறைக்கலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மூன்று இலக்க எண் ஒன்று கொடுத்து, வங்கிக் கணக்கு இலக்கத்துக்குப் பக்கத்திலேயே பில்லில் அச்சிடுங்கள். இணைய வழியால் அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் அந்த எண்ணைப் போடச் சொல்லுங்கள். நீண்ட பெயர்கள் வங்கிக் கூற்றில் வெட்டுப்பட்டுப் போகலாம், மூன்று இலக்கம் தப்பிவிடும்.

இன்னொரு காரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வாடிக்கையாளர் காசு போட்டதும் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுகிறார். வங்கியின் குறுஞ்செய்தியும் முதலாளியின் கைப்பேசிக்கே வருகிறது. கணக்கெழுதுபவருக்கு இரண்டும் தெரியாது. நான் பார்த்த தொங்கல் வரிகளில் கணிசமானவை முதலாளியின் நினைவில் பெயரோடு இருந்தவைதான். அன்றைய குறுஞ்செய்திகளை மாலையில் கணக்கெழுதுபவருக்கு அனுப்பிவிடும் பழக்கமே பாதி வேலையை முடித்துவிடும்.

ஸகாத் கணக்கில் ஒரு கவனம்

நம்மில் பலர் வங்கி மீதியையும் வரவேண்டிய கடனையும் கூட்டித்தான் ஸகாத் கணக்கிடுகிறோம். தொங்கல் தொகை தீராமல் இருந்தால் இங்கே இரட்டிப்பு வரும். மேலே சொன்ன கணக்கை மார்ச் 31இல் எடுத்தால், கந்தளாய்க்காரர் அனுப்பிய 137,250 வங்கி மீதிக்குள் இருக்கிறது. அவருடைய 150,500 கடன் பட்டியலிலும் முழுதாக இருக்கிறது. ஒரே செல்வம் இரண்டு இடத்தில். 64,000 ரூபாவோ நமது செல்வமே அல்ல. ஸகாத்துக்குக் கணக்கெடுக்குமுன் தொங்கல் பதிவேட்டை முடிந்தவரை தீர்த்துவிட்டு, தீராதவற்றைத் தனியாகக் காட்டுங்கள். எவ்வளவு தேடியும் சொந்தக்காரர் கிடைக்காத பணத்தை என்ன செய்வது என்பது கணக்காளர் சொல்லும் பதிலல்ல. பதிவேட்டைக் கொண்டுபோய் உலமாக்களிடம் காட்டிக் கேட்க வேண்டிய கேள்வி அது. எப்போது வந்தது, யார் யாரிடம் தேடினோம் என்பது எழுத்தில் இருந்தால்தான் அவர்களும் தெளிவாகப் பதில் சொல்ல முடியும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனத்தில் நமக்குக் கட்டளை இருக்கிறது. யாருடையதென்று தெரியாத காசு வந்தாலும் எழுதுவதே முதல் வேலை. இந்த வாரம் உங்கள் வங்கிக் கூற்றின் கடைசி மூன்று மாதங்களை எடுத்து, பெயரில்லாத வரவுகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் உங்களுடைய வாடிக்கையாளர் ஒருவர் கட்டியும் கடன்காரராக நிற்கக்கூடும். அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களைச் சீராக்கி, அவற்றில் பறக்கத் செய்வானாக.